கட்டாந்தரைக்கு எந்தப் பூட்ஸ், டேர்ப்புக்கு எந்தப் பூட்ஸ்?

"அண்ணா, நான் கிளிநொச்சிப் பக்கம் எங்கட ஊர்க் கிரவுண்டில உதைபந்து விளையாடுறனான். இப்ப தரை கல்லு மாதிரிக் கிடக்கு. கனடா மாமா அனுப்பின, அடியில பிளேட் ஸ்டட் முளையள் வச்ச எப்.ஜி. பூட்ஸ் ஒண்டுதான் என்னட்ட இருக்கு. அவரும் கொஞ்ச நாள் போட்டது. ஒரு வருசத்துக்குள்ள வலது கணுக்கால் ரெண்டு தரம் பிரண்டிட்டுது. அடுத்த மாசம் யாழ்ப்பாணத்தில செயற்கைப் புல் டேர்ப்பில ஐவர் ஆட்டம் இருக்கு. இந்தப் பூட்ஸ் ரெண்டு இடத்துக்கும் காணுமோ? இல்லாட்டி கணுக்காலை மூடுற உயரமான பூட்ஸ் வாங்கவோ?"

இரண்டு இடத்துக்கும் அது காணாது, தம்பி. அதற்காக இரண்டு சோடி வாங்கவும் தேவையில்லை. உயரமான பூட்ஸில் காசைப் போடவும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முதல் ஒரு வேலை செய்து பாருங்கோ.

அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு உங்கள் கிரவுண்டின் நடுவில், புல் இல்லாத இடத்தில் நில்லுங்கோ. ஒருக்கால் துள்ளி ஒற்றைக் காலில் இறங்குங்கோ. பிறகு காலை எடுத்துவிட்டுக் குனிந்து தடத்தைப் பாருங்கோ. காட்டுக்குப் போகிற பெரியவர்கள் தடம் பார்ப்பது போல ஆறுதலாகப் பார்க்க வேண்டும். இப்போதைய தரையில் உங்களுக்குத் தெரியப்போவது என்னவென்று பார்க்காமலே சொல்லலாம்: சின்னச் சின்னக் கீறலாக ஒன்றிரண்டு மில்லிமீற்றர் பள்ளங்கள் இருக்கும். அடித்தட்டுப் பட்ட அடையாளமே இருக்காது. அப்படியென்றால் நீங்கள் தரையில் நிற்கவில்லை, ஸ்டட்டின் நுனியில் நிற்கிறீர்கள். பொய்க்காலில் நிற்கிற மாதிரி.

எப்.ஜி. என்று பெட்டியில் போட்டிருப்பது உறுதியான இயற்கைப் புல்தரைக்கானது. 'உறுதியான' என்ற சொல்லை நம்மவர்கள் 'இறுகிய கட்டாந்தரை' என்று விளங்கிக்கொள்கிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது. அதைச் செய்கிறவர்கள் நினைப்பது, தண்ணீர் விட்டுப் பராமரித்த, ஈரம் கொஞ்சம் காய்ந்த புல்தரையை. அங்கே 10 முதல் 12 மில்லிமீற்றர் உயரமான ஸ்டட் முழுதாக மண்ணுக்குள் இறங்கும், அடித்தட்டு புல்லில் வந்து ஆறும். பாரத்தைத் தாங்குவது அடித்தட்டு, பிடிமானம் தருவது ஸ்டட். இரண்டும் வெவ்வேறு வேலை. நம்முடைய தரையில் ஸ்டட் இறங்காததால் இரண்டு வேலையும் நாலைந்து நுனிகளின் தலையில் விழுகிறது. ஓடும்போது ஒரு காலில் இறங்குகிற விசை உடல் எடையின் இரண்டு, மூன்று மடங்கு வரும். 60 கிலோ ஆளென்றால் 120 கிலோவுக்கு மேல். அது விரல்களுக்குப் பின்னால் இருக்கிற எலும்பு முனைகளிலும் குதிக்காலிலும் குத்தும். ஆட்டம் முடிந்து பூட்ஸைக் கழற்றினால் உள்ளங்காலில் ஸ்டட் இருக்கிற இடங்கள் சிவந்து கிடக்கிறதா என்று பாருங்கோ. கிடந்தால் தடத்தில் பார்த்த அதே கதைதான்.

வன்னித் தரையைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. எங்கள் செம்மண் ஈரத்தில் குழைந்து ஒட்டும். மழை விட்டுச் சோளகக் காற்று அடிக்கத் தொடங்கினால் இறுகி, மண்வெட்டி போட்டாலும் தெறிக்கும். போதாததற்கு, பள்ளத்தை நிரப்பக் கிரவல் கொட்டிச் சமப்படுத்திய கிரவுண்டுகளும் இருக்கின்றன. அங்கே ஸ்டட் நுனி ஒரு கிரவல் கல்லில் ஏறினால் போதும். கரையோரம், முல்லைத்தீவுப் பக்கம் மணல் கலந்த கிரவுண்டுகளின் கதை வேறு. நான் சொல்வது உள்ளூர்ச் செம்மண் தரையைப் பற்றி.

இனிக் கணுக்கால். கால் பிரளுகிறது என்று நாங்கள் சொல்வதில் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். பாதத்தின் வெளி விளிம்பு கீழே போக, உள்ளங்கால் உட்பக்கம் திரும்பிக்கொள்ளும். கணுக்காலின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கிற எலும்பு முனைதான் வெளிமொழி. அதற்கு முன்னால், கீழே ஓடி எலும்புகளைக் கட்டிவைத்திருக்கிற இணையம் என்ற நார் முதலில் இழுபட்டுக் கிழியும். பாதத்துக்கும் தரைக்கும் இடையிலான உயரம் கூடக் கூட, சரியத் தொடங்கிய பாதத்தைத் தள்ளிவிடுகிற நெம்பும் கூடும். ஏணியின் கீழ்ப்படியில் சரிவதற்கும் மேல்படியில் சரிவதற்கும் உள்ள வித்தியாசம் போல. அடித்தட்டின் நடுவில் முண்டுகொடுக்க எதுவும் இல்லை, விளிம்பில் ஒரு நுனி மட்டும் கல்லில் ஏறுகிறது என்றால், பாதம் அந்த நுனியைச் சுற்றிக் கவிழத்தான் செய்யும்.

மாமா போட்ட பூட்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை யோசிக்க வைத்தது. எங்கள் அணியில் வலது பக்கத் தடுப்பில் ஆடிய ஒரு பெடியனுக்கு இதே போல மூன்று மாதத்தில் இரண்டு தரம் பிரண்டது. தரையைத் திட்டினோம், அவன் ஓடுகிற விதத்தைத் திட்டினோம். ஒரு நாள் அவனுடைய பூட்ஸைச் சீமெந்துத் திண்ணையில் வைத்தேன். குதிப்பக்கம் லேசாக ஆடியது. ஒரு கால் குட்டையான கதிரை மாதிரி. கவிழ்த்து வைத்துப் பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்தோம். குதியின் உட்பக்க ஸ்டட் 11 மில்லிமீற்றர், வெளிப்பக்க ஸ்டட் 8. இரண்டுக்கும் இடையே அகலம் ஏறத்தாழ நாலரைச் சென்ரிமீற்றர். நாலரைச் சென்ரிமீற்றர் அகலத்தில் மூன்று மில்லிமீற்றர் சரிவு என்றால் கிட்டத்தட்ட 4 பாகை. அதாவது அவன் சும்மா நிற்கும்போதே கால் பிரளுகிற திசையில் 4 பாகை சரிந்துதான் நிற்கிறான். மெத்தென்ற புல்லில் இது தெரியாது, உயரமான ஸ்டட் கூடுதலாக இறங்கிச் சரிசெய்துவிடும். கட்டாந்தரை அப்படி விட்டுக்கொடுக்காது. 3 மில்லிமீற்றரும் அப்படியே காலுக்கு ஏறும்.

இந்தத் தேய்வு தற்செயல் இல்லை. பெரும்பாலானவர்களுக்குக் குதியின் வெளி விளிம்புதான் முதலில் தரையில் படும். அதனால் அந்த மூலைதான் முதலில் தேயும். புல்லில் இரண்டு மூன்று பருவம் தாங்குகிற பிளாஸ்ரிக் ஸ்டட்டைக் கிரவல் தரை அரத்தைப் போல அராவிவிடும். உங்களுடையதையும் அளந்து பாருங்கோ. சோடியாக இருக்கிற உள், வெளி ஸ்டட்டுகளுக்கிடையே 2 மில்லிமீற்றர் வித்தியாசம் கண்டாலே அந்தப் பூட்ஸைக் கட்டாந்தரையில் போடுவதை நான் நிறுத்திவிடுவேன். எங்காவது ஒரு ஸ்டட் முறிந்திருந்தால் அளக்கவே தேவையில்லை.

சிலர் உயரமான பக்கத்தை அரத்தால் ராவிச் சமப்படுத்துவார்கள். அந்தப் பெடியனும் கேட்டான். பிளேட் ஸ்டட்டை ராவினால் விளிம்பு கூராக நிற்கும். அது எதிரே வருகிறவனின் கெண்டைக்காலைக் கீறும். ஆட்டம் தொடங்க முதல் நடுவர் பூட்ஸைத் தடவிப் பார்ப்பது இதற்குத்தான், கூர் இருந்தால் வெளியே போய் மாற்றிவரச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. ராவினாலும் பாரம் அந்த நாலைந்து இடத்தில்தான் விழப்போகிறது என்பது மாறாது. அவனுக்கு நாங்கள் செய்தது வேறு: றப்பர் அடி வைத்த ரி.எப். பூட்ஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். உங்களுக்கும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ரி.எப். என்றால் டேர்ப் பூட்ஸ். அடியில் நாலைந்து மில்லிமீற்றர் உயரத்தில் றப்பர் முளைகள் நிறைய இருக்கும், பாகற்காய்த் தோல் மாதிரி. பெயர் டேர்ப் என்று இருப்பதால் செயற்கைப் புல்லுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். இறுகிய மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமானது நம் கடைகளில் இலகுவாகக் கிடைப்பதில்லை. பாரம் ஐம்பது அறுபது முளைகளில் பரவும், கால் தரையோடு தாழ்ந்து நிற்கும், சின்னக் கல்லில் ஏறினால் ஒரு முளை மடங்கிக் கொடுக்கும். உள்ளே குதிக்காலுக்கும் நடுப்பாதத்துக்கும் ஒரு மெத்தைத் தட்டும் இருக்கும். எப்.ஜி. பூட்ஸில் அது அனேகமாக இருக்காது. யப்பான் கம்பனிகள் இறுகிய மண்ணுக்கென்றே எச்.ஜி. என்று ஒரு வகை செய்கின்றன, அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களும் மண் தரையில் விளையாடுவதால். வெளிநாட்டில் இருந்து யாராவது அனுப்பக் கேட்டால், பெட்டியில் அந்த எழுத்தைப் பார்த்து வாங்கச் சொல்லலாம். இங்கே தேடித் திரிய வேண்டியதில்லை.

ரி.எப். பூட்ஸும் சரிவராத இடம் இரண்டு இருக்கிறது. ஒன்று, ஆடி ஆவணியில் இறுகிய தரைக்கு மேலே மாவு மாதிரிப் புழுதி படிந்திருக்கும்போது. றப்பர் முளைக்கும் தரைக்கும் நடுவில் அந்தப் புழுதி உருளைக் குண்டு மாதிரி உருளும். சடுதியாகத் திரும்பினால் வழுக்கும். இதற்கு எந்தப் பூட்ஸும் மருந்தில்லை. முதல் நாள் பின்னேரம் பவுசரிலோ குழாயிலோ தண்ணீர் தெளிப்பதுதான் வழி. இரவு ஊறினால் காலையில் மேல்மண் ஒரு விரற்கடை இளகி நிற்கும். சுற்றுப்போட்டி நடத்துகிற கழகங்கள் கோடு போட முதல் தண்ணீர் அடிப்பது புழுதி பறக்காமல் இருக்க மட்டும் இல்லை. அப்படி ஊறிய தரையில் உருண்டை ஸ்டட் வைத்த எப்.ஜி. கூட நன்றாக நிற்கும்.

மற்றது மாரி. ஐப்பசியில் மழை பிடித்துக் கார்த்திகையில் கொட்டும்போது செம்மண் முளைகளுக்கிடையே அப்பிக்கொள்ளும். பத்து நிமிடத்தில் அடி வழுவழுவென்று சப்பாத்தி மாவு தட்டிய பலகை மாதிரி ஆகிவிடும். அந்த மூன்று மாதம்தான் எப்.ஜி. பூட்ஸுக்கு வன்னியில் உண்மையான காலம். தடத்தைப் பார்த்தால் ஸ்டட் முழுதும் இறங்கி, அடித்தட்டின் மங்கலான அச்சும் விழுந்திருக்கும். அதுதான் சரியான தடம். உலோக முனை வைத்துத் திருகுகிற எஸ்.ஜி. ஸ்டட் இங்கே யாருக்கும் தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை. 1954 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜேர்மனி மழையில் திருகு ஸ்டட் போட்டு ஹங்கேரியை 3-2 என்று வென்ற கதையைச் சொல்லி வாங்குகிறவர்கள் உண்டு. பேர்ன் நகரத்துச் சேற்றுப் புல்லுக்கு அது சரி. தை மாதம் வெயில் எறித்து நாலு நாளில் தரை இறுகிவிடுகிற ஊரில் அது உலக்கையைக் கட்டிக்கொண்டு ஓடுவது போல.

இனி யாழ்ப்பாணத்து டேர்ப். அங்கே ஆபத்து நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்து வரும். கட்டாந்தரையில் ஸ்டட் இறங்காததுதான் பிரச்சினை, டேர்ப்பில் இறங்கி வெளியே வராததுதான் பிரச்சினை. செயற்கைப் புல் இழை நாலைந்து சென்ரிமீற்றர் உயரம் இருக்கும், இடையில் மணலும் கறுப்பு றப்பர்க் குருணையும் நிரப்பியிருப்பார்கள். பிளேட் ஸ்டட், பெயரைப் போலவே தகடு மாதிரி நீளமானது. முன்னுக்குத் தள்ளி ஓட நல்ல பிடி கொடுக்கும். ஆனால் காலை ஊன்றிக்கொண்டு உடம்பைத் திருப்பும்போது அந்தத் தகடு இழைகளுக்குள் குறுக்கே நின்று மறிக்கும். உண்மையான புல்லென்றால் மண் பெயர்ந்து காலை விட்டுவிடும், வேரோடு ஒரு கட்டி கழன்று பறக்கும். செயற்கைப் புல் பெயராது. பூட்ஸ் நிற்க, உடம்பு திரும்ப, அந்த முறுக்கு கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் போகும். ஐவர் ஆட்டத்தில் நீட்டி ஓட இடமில்லை, முழுக்க நிற்பதும் திரும்புவதும்தான். அதனால் இது இன்னும் மோசம்.

இது வெறும் ஊகமில்லை. அமெரிக்காவில் ஜோசப் டோர்க் என்ற வைத்தியர் பள்ளிக்கூட மாணவர்களின் அமெரிக்கன் புட்போலில் இதைப் பார்த்து 1971 இல் வெளியிட்டார். ஏறத்தாழ 19 மில்லிமீற்றர் உயரமான 7 ஸ்டட் வைத்த பூட்ஸை விட்டு, ஏறத்தாழ அதில் பாதி உயரத்தில் 14 ஸ்டட் வைத்த உதைபந்தாட்டப் பூட்ஸுக்கு மாறியபோது முழங்கால் காயங்கள் குறைந்தன. விளையாட்டு வேறு, தரை வேறு, என்றாலும் பொறிமுறை அதுவேதான்: ஸ்டட் குட்டையாகவும் எண்ணிக்கையில் கூடவும் இருந்தால், கால் சிக்காமல் கழன்று திரும்பும்.

டேர்ப்பில் தடம் விழாது, எனவே வேறு விதமாகப் பார்க்க வேண்டும். ஆட்டத்துக்கு முதல் ஓரமாக நின்று, ஒரு காலில் பாரத்தைப் போட்டு, குதியைச் சற்றுத் தூக்கிக்கொண்டு உடம்பை மெதுவாகத் திருப்புங்கோ. பாதமும் கூடவே வழுகித் திரும்ப வேண்டும். பாதம் ஒட்டி நிற்க முழங்காலில் முறுக்குத் தெரிந்தால் அந்தப் பூட்ஸைக் கழற்றிவிடுங்கோ. மெதுவாகத்தான் செய்ய வேண்டும், வேகமாகச் செய்து சோதனையிலேயே காயப்படுத்திக்கொள்ள வேண்டாம். ரி.எப். போட்டால் வழுவழுவென்று திரும்பும். பதினொருவர் ஆடுகிற பெரிய டேர்ப்பில், குருணை நன்றாக நிரப்பியிருந்தால், ஏ.ஜி. என்கிற குட்டையான உருண்டை ஸ்டட் நிறைய வைத்த வகை இன்னும் நல்ல பிடி தரும். ஐவர் ஆட்டத்துக்கு அது தேவையில்லை. வாடகைக்கு விடுகிற பல இடங்களில் எப்.ஜி. ஸ்டட்டோடு உள்ளே விடவும் மாட்டார்கள், இழை பிடுங்கப்படும் என்று. எதற்கும் போட்டி நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கோ.

ஆக, ஒரு சோடி ரி.எப். வாங்கினால் வருடத்தில் ஒன்பது மாதம் ஊர்க் கிரவுண்டுக்கும் அதுதான், யாழ்ப்பாணத்துக்கும் அதுதான். வாங்கும்போது பின்னேரத்தில் போங்கோ, நடந்து திரிந்த கால் காலையைவிடச் சற்று வீங்கியிருக்கும். விளையாடும்போது காலில் போடுகிற மேசோடு பூட்ஸைப் போட்டுப் பாருங்கோ. சின்னனில் வெறுங்காலோடு திரிந்து வளர்ந்த எங்கள் பாதங்கள் விரல் பக்கம் அகலம். ஒடுக்கமான பூட்ஸுக்குள் நுழைக்க ஒரு அளவு கூட வாங்கினால், அகலம் சரிவரும், ஆனால் குதி உள்ளே மேலும் கீழும் ஓடும். குதி ஓடுகிற பூட்ஸில், பூட்ஸ் நேராக நிற்க உள்ளே கால் மட்டும் பிரளும். நீளத்தில் சரியாகவும் அகலத்தில் தாராளமாகவும் இருக்கிற மாதிரியைத் தேடுங்கோ, கொஞ்சம் பழைய மாதிரியானாலும் பரவாயில்லை. அடியை வளைத்துப் பாருங்கோ, விரல் மடிகிற இடத்தில்தான் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் வேண்டாம். இன்னொன்று, ரி.எப். அடி றப்பர் என்பதால் பசை விட்டால் சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுத்துச் சுற்றித் தைத்துக்கொள்ளலாம். எப்.ஜி. பூட்ஸின் கடினமான பிளாஸ்ரிக் தட்டில் ஊசி ஏற்றினால் வெடிக்கும். நனைந்த பூட்ஸை அடுப்பங்கரையில் காயவைக்காமல், கடதாசி அடைத்து நிழலில் வைத்தால் பசையும் இவ்வளவு சீக்கிரம் விடாது.

உயரமான பூட்ஸைப் பற்றிக் கேட்டீர்கள். கணுக்காலைச் சுற்றி மேசு மாதிரி ஏறி நிற்கிற அந்தப் பின்னல் துணி பிடித்து வைத்திருப்பது போன்ற உணர்வைத் தரும். இழுத்தால் இழுபடுகிற துணி, உடம்புப் பாரம் சரியும்போது என்ன செய்யும்? ஒரு விரலால் அதை மடக்கிப் பாருங்கோ, விளங்கும். இரண்டு தரம் பிரண்ட காலுக்குப் பயன் தருவது நாடாவால் இறுக்கிக் கட்டுகிற கணுக்கால் உறைதான். முன்பு பிரண்டவர்களுக்கு மறுபடி பிரளுவதை இந்த வகை உறை குறைப்பது உதைபந்தாட்டக்காரர்களிடமே பார்க்கப்பட்ட விசயம். முன்பு காயமே படாதவர்களுக்கு அதனால் வருகிற இலாபம் அவ்வளவு இல்லை. உறையையும் கொண்டுபோய்க் கடையில் போட்டபடி பூட்ஸை அளவு பாருங்கோ, இல்லாவிட்டால் உள்ளே போகாது. பிளாஸ்ரரும் வேலை செய்யும், ஆனால் இழுபடாத வகையாக இருக்க வேண்டும். அதுவும் ஓடி வியர்த்து அரை மணித்தியாலத்தில் தளர்ந்துவிடும். இழுபடுகிற கிரேப் பண்டேஜ் வீக்கத்தை அமர்த்தத்தான். அதைச் சுற்றிக்கொண்டு விளையாடுவது மனத் திருப்திக்கு.

உறையைவிட முக்கியமானது, கால் உண்மையில் ஆறிவிட்டதா என்பது. கால் பிரளுகிற வேகத்தில் தசை விழித்துக்கொண்டு இழுத்துப் பிடிக்க நேரம் கிடைக்காது. கால் தரையில் படும்போதே சரியான கோணத்தில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கே, எப்படி வைக்கிறோம் என்று மூளைக்குச் சொல்கிற நரம்பு நுனிகள் அந்த இணையத்திலேயே இருக்கின்றன, இணையம் கிழியும்போது அவையும் பழுதாகும். நோ போனவுடன் கால் சுகம் என்று நினைத்து இறங்குகிறவர்களுக்கு மூன்றாம் தரமும் பிரளுவது இதனால்தான். இடது காலில் கண்ணை மூடிக்கொண்டு நின்று எத்தனை செக்கன் என்று எண்ணுங்கோ. பிறகு வலது காலில். வலதில் அரைவாசி நேரத்தில் தடுமாறினால் கால் இன்னும் ஆறவில்லை. வெறுங்காலோடு, கண்ணைத் திறந்து தொடங்கி, ஒற்றைக் காலில் அரை நிமிடம் வீதம் நாலைந்து தரம் நாள்தோறும் நின்று பழகுங்கோ. பல் துலக்கும்போதே செய்யலாம். பிறகு கண்ணை மூடி, அதன் பிறகு மடித்த சாக்கின்மேல் நின்று, கடைசியாக யாரையாவது பந்து எறியச் சொல்லிப் பிடித்துக்கொண்டு. ஆறு கிழமை விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். உங்களுக்கு ஒரு மாதம் இருக்கிறது, இன்றைக்கே தொடங்குங்கோ. போட்டி வரும் நாளில் வலது காலால் மட்டும் பத்துத் தரம் துள்ளவும், ஒற்றைக் காலில் குதியை இருபது தரம் உயர்த்தவும், இரண்டும் நோ இல்லாமல் இடது காலுக்குச் சமமாகவும் முடியாவிட்டால், அந்தப் போட்டியில் வெளியே இருந்து பாருங்கோ.

மறுபடி பிரண்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் கூடுதலான பிழை நடக்கிறது. கிரவுண்டிலேயே நாலு பேர் பிடித்துக் காலை இழுத்து 'எடுத்துவிட' வருவார்கள். விடாதேங்கோ. எண்ணெய் போட்டு உருவுவதும் முதல் இரண்டு மூன்று நாளைக்கு வேண்டாம், கிழிந்த இடத்தில் இரத்தம் இன்னும் கசியும். துணியில் சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிடம், பண்டேஜ், காலைத் தலையணையில் உயர்த்தி வைப்பது, அவ்வளவுதான். படம் எடுக்க வேண்டுமா என்று தீர்மானிக்க உலகம் முழுக்க வைத்தியர்கள் பாவிக்கிற ஒட்டாவா விதி என்று ஒன்று இருக்கிறது, 1992 இல் கனடாவில் வந்தது. வெளிமொழியின் அல்லது உள்மொழியின் பின் விளிம்பை, நுனியில் இருந்து 6 சென்ரிமீற்றர் மேலே வரை விரலால் அழுத்திப் பாருங்கோ. பாதத்தின் வெளி விளிம்பில், சின்ன விரலில் இருந்து பின்னுக்கு வர நடுவில் முட்டுகிற எலும்பு மேட்டையும், உட்பக்கம் பாத வளைவின் உச்சியில் தட்டுப்படுகிற எலும்பையும் அழுத்துங்கோ. இவற்றில் எலும்பிலேயே நொந்தால், அல்லது விழுந்தவுடனும் பிறகு வைத்தியசாலையிலும் நொண்டியாவது நாலு அடி வைக்க முடியாவிட்டால், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முறிவு நெரிவு வைத்தியரிடம் போக விரும்புகிறவர்கள் போகலாம், எனக்கு அதில் பகையில்லை. ஆனால் படத்தைப் பார்த்த பிறகு போகட்டும். எங்கள் கழகத்திலேயே ஒருவர் அந்த வெளி விளிம்பு எலும்பு வெடித்ததை மூன்று கிழமை சுளுக்கென்று பத்துக் கட்டிக்கொண்டு திரிந்தார்.

பூட்ஸ், உறை எல்லாம் சரியாக இருந்தாலும் தரையில் உள்ள குழி மன்னிக்காது. மாரியில் கிரவுண்டுக்குள் மாடு இறங்கி மேய்ந்த குளம்புத் தடங்கள் மாசி பங்குனியில் அப்படியே சுட்ட ஓடு மாதிரி இறுகிவிடும். ஒரு குளம்புக் குழியின் அகலம் குதிக்காலுக்கு அளவெடுத்தது போல இருக்கும். எங்கள் பெடியன் இரண்டாம் தரம் விழுந்தது கோல் பெட்டியின் மூலையில் அப்படி ஒரு குழியில்தான். சரிந்த பூட்ஸும் குழியும் சேர்ந்துதான் அவனை விழுத்தின. அதற்குப் பிறகு நாங்கள் பயிற்சிக்கு முதல் வரிசையாகக் கை கோத்த மாதிரி நின்று கிரவுண்டின் ஒரு கரையில் இருந்து மறு கரைக்கு நடப்போம். குழி கண்டவன் கையைத் தூக்க வேண்டும், ஒருவன் வாளியில் மணலோடு பின்னால் வருவான். பதினைந்து பேர் நடந்தால் பத்து நிமிட வேலை. காய்ந்த கிரவல் கொட்டாதேங்கோ, மணலை ஈரமாக்கி மிதித்து இறுக்குங்கோ. அவனுக்கு இப்போது மூன்றாவது பருவம் போகிறது, கால் பிரளவில்லை. பூட்ஸா, உறையா, மணல் வாளியா காரணம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, மூன்றையும் ஒரே கிழமையில்தான் தொடங்கினோம்.

மாமாவின் பூட்ஸை என்ன செய்வது? அளந்து பார்த்ததில் சமமாக இருந்தால் கழுவித் துடைத்து வையுங்கோ, கார்த்திகையில் எடுக்கலாம். சரிந்திருந்தால் எறியுங்கோ. வீட்டில் தம்பிமார் இருந்தால் 'பரவாயில்லை, சின்னவன் போடட்டும்' என்று மட்டும் இறக்கிவிடாதேங்கோ. எட்டு வயதில் இருந்து பதினான்கு, பதினைந்து வரை குதி எலும்பின் பின்பக்கம் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது, குதிநரம்பு இழுக்கிற இடமும் அதுதான். உயரமான ஸ்டட்டோடு இறுகிய தரையில் ஓடுகிற அந்த வயதுப் பிள்ளைகள் 'குதி நோகுது' என்று நொண்டிக்கொண்டு வருவதைக் கண்டிருப்பீர்கள். குதியின் இரண்டு பக்கத்தையும் விரலால் சேர்த்து அமுக்கினால் துள்ளுவார்கள். அவர்களுக்கு ஒரு மலிவான ரி.எப். காணும், அதுவும் இல்லாவிட்டால் சாதாரண றப்பர் அடிச் சப்பாத்தே நல்லது.